சின்னப் பில் வருது, பெரிய பில் சுத்துது: குமுளியில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஐப்பசி பிறந்துவிட்டால் குமுளியில் மதியச் சாப்பாட்டுக்கு மேல் இடிதான். அங்கே அதைத் துலாவர்ஷம் என்பார்கள். காலையில் வெயில் அடிக்கும், மூன்று மணிக்கு மலை இருண்டுவிடும், நாலு மணிக்கு யாராவது ஒருவர் வீட்டில் மோடம் கருகியிருக்கும். கம்பத்தில் இருந்துகொண்டு நெட்வொர்க் வேலை பார்க்கிற எனக்கு இது ஒருவகையில் அறுவடைக் காலம். லோயர் கேம்ப் தாண்டி மலையேறாத வாரமே இருக்காது.

இந்த நிகழ்வு ஓர் ஏலக்காய் வியாபாரியின் அலுவலகத்தில் நடந்தது. ஐந்து கம்ப்யூட்டர், எட்டு போர்ட் ஸ்விட்ச் ஒன்று, அதற்கு மேலே ரூட்டர், அதற்கும் மேலே ஃபைபர் வந்து முடிகிற ஓ.என்.டி. பெட்டி. பில் போடும் மென்பொருள் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. அதன் தரவுத்தளம் மட்டும் வாடகைக்கு எடுத்த ஒரு சர்வரில், இணையத்துக்கு அப்பால். கம்பத்தில் உள்ள அவர்களது குடோனும் அதே சர்வரைத்தான் பயன்படுத்துகிறது. குமுளியில் பில் போட்டு இ-வே பில் எடுத்தால்தான் எல்லை தாண்டி வண்டி நகரும். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போகிற சரக்குக்கு அது கட்டாயம், ஏலக்காயில் இரண்டு மூட்டை ஏற்றினாலே அந்தத் தொகை தாண்டிவிடும்.

செவ்வாய்க்கிழமை இடியில் ரூட்டர் போனது. புதன் காலை, கேபிள் ஆபரேட்டர் பையன் தன்னிடம் கிடந்த வேறொரு ரூட்டரை மாட்டி, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போட்டு, நெட் வந்துவிட்டது என்று காட்டிவிட்டுப் போனான். அன்று சாயங்காலம் முதலாளி போன் செய்தார். "தம்பி, நெட்டு இருக்கு, ஆனா பில்லு வரமாட்டேங்குது."

வியாழன் காலை பத்தரைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் வண்டி நின்றது. உள்ளே, கணக்குப் பார்க்கும் அக்கா ஒரு விஷயத்தை மிகத் தெளிவாகச் சொன்னார்.

"பத்துப் பன்னெண்டு வரி இருக்கிற பில்லு டக்குனு வந்துருது தம்பி. லாட்டு நிறைய இருந்தாத்தான் சுத்திக்கிட்டே இருக்கு. புதுசா எழுதிச் சேமிக்கிறதும் ஆகுது. எழுதினதைத் திருப்பி எடுக்கத்தான் முடியல."

இந்த நாலு வாக்கியத்தில் முழு வழக்கும் இருந்தது. நான் "சரிக்கா, பார்த்துர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கேபிளைக் குனிந்து பார்க்கப் போனேன். ஐந்து மணி நேரம் கழித்துத்தான் அவர் சொன்னது என் காதில் ஏறியது.

தாளில் உள்ள ஏழு வரி

என் பையில் லேமினேட் செய்த ஒரு தாள் எப்போதும் இருக்கும். நெட்வொர்க்கின் வேலையை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும் ஓ.எஸ்.ஐ. மாதிரியின் ஏழு அடுக்கையும் கீழிருந்து மேலாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பார்க்க வேண்டியதைக் குறித்து வைத்திருக்கிறேன். 1984-ல் அந்த மாதிரியைத் தரமாக வெளியிட்டவர்கள் இதற்காக அதை எழுதவில்லை. நாம் அன்றாடம் பயன்படுத்தும் இணையமும் அந்த ஏழு அடுக்கின்படி கட்டப்பட்டது அல்ல. ஐந்தாவதும் ஆறாவதும் நடைமுறையில் ஏழாவதோடு கலந்தே கிடக்கின்றன. ஆனாலும் சரிபார்ப்புப் பட்டியலாக அது நன்றாக உதவும். கீழே உள்ளது சரியில்லாமல் மேலே உள்ளது சரியாக இருக்க முடியாது. அதனால் கீழிருந்து ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டே மேலே போகலாம். டிக் போட்டதைத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை என்பது அதுவரை என் நம்பிக்கை.

முதல் அடுக்கு கேபிள். ஓ.என்.டி.-யின் பக்கத்தைத் திறந்து உள்ளே வரும் ஒளியின் அளவைப் பார்த்தேன், −21.6 டி.பி.எம். இந்த வகை இணைப்பில் −27-க்குக் கீழே போனால்தான் கவலை. ஃபைபர் சரி. பிறகு அக்காவின் கம்ப்யூட்டரில் இணைப்பு வேகம் 100 எம்.பி.பி.எஸ். என்று காட்டியது. கார்டும் ஸ்விட்சும் ஒரு ஜி.பி.பி.எஸ். வகை. இரண்டுக்கும் நடுவில் ஏதோ குறைகிறது.

மேசைக்கு அடியில் இருந்த ஆர்.ஜே.45 தலையைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பச்சை பிடித்திருந்தது. குமுளி ஈரத்தில் இது புதிதில்லை. ஜன்னலோரம் போகிற கேபிளில் இரண்டு மழைக்காலம் போனால் தாமிரம் களிம்பேறிவிடும். ஒரு ஜி.பி.பி.எஸ். வேகத்துக்கு நாலு ஜோடிக் கம்பியும் வேண்டும். 100-க்கு 1, 2, 3, 6 ஆகிய நாலு கம்பி போதும். பழுப்பு ஜோடி தொடர்பறுந்து போனதால் இரண்டு முனையும் பேசி 100-க்கு இறங்கிக்கொண்டன. தலையை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்தேன். ஒரு ஜி.பி.பி.எஸ். வந்தது.

எனக்குப் பெரிய நிம்மதி. அக்காவை அழைத்து ஒரு பில்லைத் திறக்கச் சொன்னேன், உடனே வந்தது. டீ வந்தது. முதலாளி வண்டிக்காரரைப் பார்த்து "ஆச்சுப்பா" என்றார். பிறகு அக்கா அன்றைய சரக்கின் பில்லைத் திறந்தார். முப்பத்தொரு வரி. சுற்ற ஆரம்பித்தது.

கேபிளில் நான் கண்டது உண்மையான பழுதுதான். ஆனால் புகாருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 100 எம்.பி.பி.எஸ். என்பது ஒரு பில்லுக்கு எவ்வளவோ அதிகம். கம்பி மோசமாக இருந்து அதில் போகிற தரவு பழுதாகியிருந்தால் சின்னப் பில்லும் அவ்வப்போது தடுமாறியிருக்கும். இங்கே சின்னது ஒருமுறைகூடத் தவறவில்லை, பெரியது ஒருமுறைகூட வரவில்லை. பக்கத்துக் கம்ப்யூட்டரிலும் அதே கதை என்று அக்கா காலையிலேயே சொல்லியிருந்தார். பழுது ஒன்று கண்ணில் பட்டதும் தேடுவதை நிறுத்திவிட்டேன்.

இரண்டாவது அடுக்கை வேகமாகக் கடந்தேன். ரூட்டரின் மேக் முகவரி `arp -a` பட்டியலில் ஒன்றுதான் இருந்தது, ஸ்விட்சில் வளையமாகச் செருகிய கேபிள் எதுவும் இல்லை, ஐந்து கம்ப்யூட்டரும் ஒன்றையொன்று பார்த்தன. டிக்.

மூன்றாவது: ஐ.பி. முகவரி, கேட்வே, வெளியே பாதை. சர்வருக்கு நூறு பிங் அனுப்பினேன். நூறும் திரும்பின, சராசரி 24 மில்லி விநாடி. டிக். அந்த டிக்தான் என்னை ஏமாற்றியது.

நான்காவது: தரவுத்தளத்தின் போர்ட் திறந்திருக்கிறதா?

```
Test-NetConnection 198.51.100.20 -Port 3306
TcpTestSucceeded : True
```

டிக். (முகவரிகளை இந்தக் கட்டுரைக்காக மாற்றியிருக்கிறேன்.) தரவுத்தளப் போர்ட் இணையத்தைப் பார்த்து நேரே திறந்து கிடப்பது எனக்குப் பிடிக்காத காரியம், அதை முதலாளியிடம் முன்பே சொல்லியிருக்கிறேன். அது வேறு வழக்கு.

ஐந்து, ஆறு, ஏழு ஆகியவற்றை ஒன்றாகவே பார்த்தேன். உள்நுழைவு நடக்கிறது, தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியாகாமல் தெரிகின்றன. பில்தான் வரவில்லை. ஆக மென்பொருள்தான் குற்றவாளி என்று முடிவு கட்டி அதைச் செய்தவரைப் போனில் பிடித்தேன். பாவம், அவர் ஒன்றரை மணி நேரம் கூடவே இருந்தார். தரவுத்தளத்தை நிறுத்தித் திரும்ப எழுப்பினார், இன்டெக்ஸ்களைச் சரிபார்த்தார். கடைசியில், "சார், கம்பம் குடோன்ல இதே பில்லு ரெண்டு செகண்ட்ல வருதே" என்றார். கேட்டுப் பார்த்தோம், வந்தது. கேபிள் ஆபரேட்டரை அழைத்தால், "பிங் எல்லாம் ஓகே ஆணல்லோ அண்ணா. யூடியூபும் ஓடுது" என்றான். அவன் சொன்னதும் பொய்யில்லை.

பாதையை இரண்டாகப் பிரித்தது

மணி மூன்றரை. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அக்காவின் கம்ப்யூட்டரில் இருந்து நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு என் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தேன். குமுளியில் இது ஒரு வேடிக்கை. வடக்கு ஜன்னலில் கேரள டவர், கிழக்கு ஜன்னலில் தமிழ்நாட்டு டவர் என்று போன் மாறிக்கொண்டே இருக்கும். இரண்டில் எதில் நின்றாலும் முப்பத்தொரு வரிப் பில் உடனே வந்தது.

அதே கம்ப்யூட்டர், அதே மென்பொருள், அதே சர்வர். மாறியது பாதை மட்டும். ஆக ஏழாவது அடுக்கில் குற்றமில்லை. ஏற்கெனவே டிக் போட்ட முதல் நாலில்தான் ஏதோ ஒன்று பொய் சொல்லியிருக்கிறது. இந்த ஒரு சோதனையைக் காலையிலேயே செய்திருந்தால் மென்பொருள்காரரின் ஒன்றரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

முதலாளியை இ-வே பில்லுக்காக ஹாட்ஸ்பாட்டிலேயே வேலையை முடித்து வண்டியை அனுப்பச் சொல்லிவிட்டு நிதானமாக உட்கார்ந்தேன். அப்போதுதான் அக்கா மறுபடி, கொஞ்சம் எரிச்சலோடு, "நான்தான் காலையிலயே சொன்னேனே தம்பி, சின்னது வருது, பெருசு வரலைனு" என்றார்.

விண்டோஸ் பிங் தானாக அனுப்பும் தரவு 32 பைட். நான் அனுப்பிய நூறும் சின்னப் பில்கள். போர்ட் சோதனையும் வெறும் கைகுலுக்கல்தான், அதில் தரவே கிடையாது. வலையில் தரவு பொட்டலம் பொட்டலமாகத்தான் போகும். என் டிக் எல்லாமே சின்னப் பொட்டலங்களுக்குப் போட்ட டிக். பெரிய பொட்டலத்தை ஒரு தடவைகூட நான் அனுப்பிப் பார்க்கவில்லை.

துண்டாக்கக் கூடாது என்ற கொடியோடு அளவைக் கூட்டி அனுப்பினேன்:

```
ping -f -l 1464 198.51.100.20
ping -f -l 1465 198.51.100.20
```

முதலாவது போனது. இரண்டாவதற்கு ரூட்டரே `Packet needs to be fragmented but DF set.` என்று திருப்பிவிட்டது. 1464 பைட் தரவோடு 20 பைட் ஐ.பி. தலைப்பும் பிங்கைச் சுமக்கும் ஐ.சி.எம்.பி.-யின் 8 பைட் தலைப்பும் சேர்ந்தால் 1492. ஆக இந்தப் பாதையில் போகக்கூடிய மிகப் பெரிய பொட்டலம் 1492 பைட்.

இதோடு குதிக்கக் கூடாது. 1492 என்பது தன்னளவில் பழுதில்லை. சாதாரண ஈதர்நெட் ஃப்ரேமில் 1500 பைட் ஏறும். பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் பி.பி.பி.ஓ.இ. முறையில் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் எட்டு பைட் கூடுதல் தலைப்பு வேண்டும், அது அந்த 1500-க்குள்ளேயே இடம் பிடிக்கும். மீதி 1492. அந்த முறையில் இணையும் பெரும்பாலான வீடுகளில் சோதித்தால் இதே எண்தான் வரும், அந்த வீடுகளில் எல்லாம் எல்லாமே ஓடிக்கொண்டிருக்கும். கேட்க வேண்டியது, எட்டு பைட் குறைந்ததை சர்வர் ஏன் தெரிந்துகொள்ளவில்லை என்பது.

சர்வர் பக்கம் இருந்து பார்த்தது

சர்வருக்குள் எஸ்.எஸ்.எச். வழியாக, அலுவலகத்தின் ஃபைபரிலேயே போனேன். உள்ளே நுழைய முடிந்தது, `ls` வேலை செய்தது. `dmesg` என்று அடித்தேன், திரை உறைந்தது. அக்காவின் பில் மாதிரியேதான். மென்பொருளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். திரும்ப ஹாட்ஸ்பாட்டில் நுழைந்து, சர்வரில் வந்துபோகும் பொட்டலங்களைப் பிடிக்கவிட்டு, அக்காவைப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் ஃபைபர் வழியாகப் பெரிய பில்லைத் திறக்கச் சொன்னேன்.

```
tcpdump -ni eth0 'host 203.0.113.45 or icmp'
```

வந்த வரிகளில் தேவையானதை மட்டும் சுருக்கித் தருகிறேன்:

```
198.51.100.20.3306 > 203.0.113.45.50112: seq 2204:3664, length 1460
203.0.113.1 > 198.51.100.20: ICMP 203.0.113.45 unreachable - need to frag (mtu 1492)
198.51.100.20.3306 > 203.0.113.45.50112: seq 2204:3664, length 1460
203.0.113.1 > 198.51.100.20: ICMP 203.0.113.45 unreachable - need to frag (mtu 1492)
```

இதை மெதுவாகப் படிக்க வேண்டும். 203.0.113.45 என்பது குமுளி அலுவலகம். சர்வர் 1460 பைட் தரவை அனுப்புகிறது. டி.சி.பி., ஐ.பி. தலைப்புகள் தலா இருபது சேர்ந்தால் 1500. இணைய நிறுவனத்தின் முனையில் உள்ள சாதனம் அதை வாங்கிப் பார்க்கிறது. குமுளிக்குப் போகும் குழாயில் 1492-தான் நுழையும், துண்டாக்கவும் கூடாது என்று கொடி இருக்கிறது. எனவே பொட்டலத்தைப் போட்டுவிட்டு, "1492-க்குள் அனுப்பு" என்று ஒரு ஐ.சி.எம்.பி. குறிப்பை சர்வருக்கு எழுதுகிறது. அந்தக் குறிப்பு சர்வரின் வாசல் வரை வந்துவிட்டது, மேலே இருக்கிறது பாருங்கள். ஆனால் சர்வர் மறுபடி அதே 1460-ஐ அனுப்புகிறது. கடிதம் வீட்டு வாசலுக்கு வந்தும் உள்ளே யாரும் படிக்கவில்லை.

வாசலில் நின்று அதைக் கிழித்தது யார் என்பது சர்வரின் ஃபயர்வால் விதிகளைத் திறந்தவுடன் தெரிந்தது:

```
-A INPUT -p icmp --icmp-type echo-request -j ACCEPT
-A INPUT -p icmp -j DROP
-A INPUT -m conntrack --ctstate ESTABLISHED,RELATED -j ACCEPT
```

பிங் கேள்வியை உள்ளே விடு, மற்ற ஐ.சி.எம்.பி. எல்லாவற்றையும் கீழே போடு. மூன்றாவது வரி, நடந்துகொண்டிருக்கும் இணைப்புக்குச் சம்பந்தப்பட்ட குறிப்புகளை உள்ளே விடும் வரி. அது மட்டும் மேலே இருந்திருந்தால் எந்தச் சிக்கலும் இல்லை. விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படுவதால் இரண்டாவது வரி அதற்கு முன்பே வேலையை முடித்துவிடுகிறது. பாதுகாப்புக்காக யாரோ நல்லெண்ணத்தில் எழுதியதுதான். பிங் மட்டும் திறந்திருந்ததால் பார்க்கிறவர்களுக்கெல்லாம் எல்லாம் நலமாகத் தெரிந்தது. பிங்கையும் சேர்த்து அடைத்திருந்தால்கூடக் காலையிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

அக்கா சொன்ன எல்லாமே இப்போது தானாகப் பொருந்தின. பன்னிரண்டு வரிப் பில் ஒரே பொட்டலத்தில், 1492-க்குள் அடங்கிவிடுகிறது. அதற்கு மேல் போனால் முதல் பொட்டலமே முழுக் கொள்ளளவில், 1500-ஆகக் கிளம்புகிறது. எழுதிச் சேமிப்பது ஏன் நடந்தது என்றால், குமுளியிலிருந்து பெரிய பொட்டலம் கிளம்பும்போது அதைத் தடுப்பது பக்கத்தில் இருக்கும் ரூட்டர். அதன் குறிப்பு கம்ப்யூட்டருக்கு நேரே வந்து சேர்கிறது, நடுவில் கிழிப்பார் இல்லை. கம்ப்யூட்டர் உடனே அளவைக் குறைத்துக்கொள்கிறது. போவது போகும், வருவது வராது.

முறிந்து பிழைச் செய்தி காட்டாமல் சுற்றிக்கொண்டே இருந்ததற்கும் காரணம் இதுதான். பதில் வராததால் சர்வர் அதே பொட்டலத்தை மறுபடி அனுப்புகிறது, ஒவ்வொரு முறையும் காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டு. லினக்ஸ் சர்வர் சாதாரணமாகக் கால் மணி நேரம் வரை இப்படி முயன்ற பிறகே கைவிடும். அதுவரை இணைப்பு உயிரோடு இருப்பதாகவே இரு பக்கமும் நினைத்துக்கொண்டிருக்கும்.

யூடியூப் ஓடியதே? அந்தச் சர்வர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை என்பதுதான் விஷயம். இந்த ஒரு சர்வருக்கு மட்டும்தான் இந்த நோய்.

அப்படியானால் செவ்வாய் வரை எப்படி ஓடியது?

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் மலையிறங்கினால் வேலை பாதிதான். ஃபயர்வால் கோப்பில் இருந்த தேதிப்படி அந்த வரி ஒரு வருஷத்துக்கு மேலாக அங்கே இருக்கிறது. குமுளியின் பி.பி.பி.ஓ.இ. இணைப்பும் முன்பே அதே முறைதான். மாறியது ரூட்டர் ஒன்றுதான்.

டி.சி.பி. இணைப்பு தொடங்கும்போது இரு பக்கமும், "எனக்கு ஒரு பொட்டலத்தில் இவ்வளவு தரவுக்கு மேல் அனுப்பாதே" என்று ஓர் எண்ணைச் சொல்லிக்கொள்ளும். அதுதான் எம்.எஸ்.எஸ். கம்ப்யூட்டருக்குத் தன் ஈதர்நெட் மட்டுமே தெரியும், அதனால் 1500-இல் நாற்பது கழித்து 1460 என்று சொல்லும். வெளியே எட்டு பைட் குறைகிறது என்பது அதற்கு எப்படித் தெரியும்? அதனால் பி.பி.பி.ஓ.இ. ரூட்டர்களில் பெரும்பாலானவை நடுவில் நின்று, போகிற முதல் பொட்டலத்தில் 1460 என்பதை அழித்து 1452 என்று திருத்திவிடும். இதைத்தான் எம்.எஸ்.எஸ். கிளாம்ப் என்கிறோம். சர்வரும் முதலிலிருந்தே சின்னதாக அனுப்பும், யாரும் யாருக்கும் குறிப்பு எழுத வேண்டிய நிலையே வராது.

கருகிய பழைய ரூட்டர் இதை ஒரு வருஷமாகச் சத்தமில்லாமல் செய்துவந்தது, சர்வரில் இருந்த பழுதை மூடி மறைத்து. ஆபரேட்டர் பையன் மாட்டிய ரூட்டரில் அந்தப் பெட்டி டிக் இல்லாமல் கிடந்தது. போன் வழி வருவதையும் சேர்த்து சர்வரில் மறுபடி பிடித்த பொட்டலங்களிலும் இது தெரிந்தது. ஃபைபர் வழி வந்த இணைப்பின் முதல் பொட்டலத்தில் `mss 1460`, என் போன் வழி வந்ததில் `mss 1360`. போன் நிறுவனம் தன் வலையில் குறைத்தே அனுப்புகிறது. ஹாட்ஸ்பாட்டில் பில் வந்த ரகசியம் அதுதான். கம்பம் குடோனில் இருப்பது பயனர் பெயர் கேட்காத வேறு வகை இணைப்பு, அங்கே முழு 1500-ம் போகும், எனவே அங்கே கேள்வியே எழவில்லை.

பழுது எந்த அடுக்கில் என்று தாளில் எழுதப் பேனாவை எடுத்தபோது கை நின்றது. எட்டு பைட்டைத் தின்றது இரண்டாவது அடுக்கு. குறிப்பைக் கிழித்தது மூன்றாவதில். மூடி மறைத்த திருத்தம் நான்காவதில். புகார் வந்தது ஏழாவதில். ஆபரேட்டர் தன் அடுக்கைப் பார்த்தான், சரியாக இருந்தது. மென்பொருள்காரர் தன் அடுக்கைப் பார்த்தார், சரியாக இருந்தது. இருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள்.

சரிசெய்த வரிசை

இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று நிரூபிக்க முடியாது. எனவே ரூட்டரைத் தொடாமல் சர்வரில் ஒரே ஒரு வரியை முதலில் சேர்த்தேன்:

```
iptables -I INPUT 1 -p icmp --icmp-type fragmentation-needed -j ACCEPT
```

அக்கா பில்லைத் திறந்தார், வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னத் தயக்கம், பிறகு முப்பத்தொரு வரியும். சர்வர் இப்போது கற்றுக்கொண்டதா என்று அதனிடமே கேட்டேன்:

```
ip route get 203.0.113.45
    cache expires 594sec mtu 1492
```

குமுளிக்கு 1492 என்று அது குறித்து வைத்திருக்கிறது, பத்து நிமிடம் நினைவில் இருக்கும். இந்த வரி வந்தால் வழக்கு நிரூபணம். அதன் பிறகு ரூட்டரில் கிளாம்ப் டிக்கைப் போட்டேன், சர்வரில் `mss 1452` வருவதைப் பார்த்தேன். லினக்ஸ் ரூட்டராக இருந்தால் இதே வேலையை இந்த வரி செய்யும்:

```
iptables -t mangle -A FORWARD -o ppp0 -p tcp \
  --tcp-flags SYN,RST SYN -j TCPMSS --clamp-mss-to-pmtu
```

கிளாம்ப் மட்டும் போட்டுவிட்டுப் போயிருந்தாலும் பில் வந்திருக்கும். பலரும் அதோடு விடுவார்கள். ஆனால் அடுத்த இடியில் அடுத்த ரூட்டர் கருகும், நான் மறுபடி மலையேற வேண்டியிருக்கும். தவிர, கிளாம்ப் என்பது டி.சி.பி.-க்கு மட்டும். நாளைக்கு இவர்கள் யூ.டி.பி. மேல் ஓடும் வி.பி.என். ஒன்றைப் போட்டால் அதற்கு இது உதவாது. குறிப்பு சர்வருக்குப் போய்ச் சேர்வதுதான் சரியான மருந்து. இன்னும் ஒரு காப்பாக சர்வரில் `net.ipv4.tcp_mtu_probing=1` என்று வைத்தேன். பெரிய பொட்டலத்துக்குத் திரும்பத் திரும்பப் பதில் வராவிட்டால், குறிப்பே வராவிட்டாலும், தானாகச் சின்னதை அனுப்பிப் பார்க்கும். சில விநாடி தாமதமாகும், ஆனால் உறையாது.

இந்த நோயை வேறு நோய்களிலிருந்து எப்படிப் பிரித்தறிவது என்று பிறகு ஒரு நண்பர் கேட்டார். பொட்டலம் ஆங்காங்கே தொலைகிற பாதையில் எல்லாமே மெதுவாகும், ஆனால் கடைசியில் வந்துசேரும், மறுமுறை முயன்றால் வேறு மாதிரி இருக்கும். சர்வர் திணறினால் சின்னப் பில்லும் காக்க வைக்கும். இங்கே அப்படியில்லை. கத்தியால் வெட்டியது மாதிரி ஓர் அளவு வரை முழு வேகம், அதற்கு மேல் சுத்தமாக இல்லை, அதுவும் ஒரு திசையில் மட்டும். இன்னொன்று, இவர்களின் மென்பொருள் தரவுத்தளத்தோடு மறையாக்கம் இல்லாமல் பேசியதால்தான் உள்நுழைவு நடந்தது. பிரவுசரில் எச்.டி.டி.பி.எஸ். வழியாகப் போகிற தளமாக இருந்திருந்தால், சர்வர் அனுப்பும் சான்றிதழே ஒரு பொட்டலத்தில் அடங்காது. முதல் பக்கமே வெள்ளையாக நின்றிருக்கும், அக்காவின் "சின்னது, பெருசு" துப்பு கிடைத்திருக்காது.

தாளில் மூன்றாவது வரிக்கு எதிரே "பிங்" என்று மட்டும் இருந்ததை அடித்துவிட்டு, "பிங் 32, பிங் 1464, பிங் 1472" என்று எழுதியிருக்கிறேன். லேமினேஷன் மேல் மார்க்கரில் எழுதியதால் ஒவ்வொரு வாரமும் அழிகிறது, ஒவ்வொரு வாரமும் எழுதுகிறேன். தாளின் மேல் ஓரத்தில், முதல் அடுக்குக்கும் முன்னால், வேறு இரண்டு கேள்வி சேர்த்திருக்கிறேன். கடைசியாக மாறியது என்ன? எது வருகிறது, எது வரவில்லை?

தரவுத்தளப் போர்ட்டை மூடி வி.பி.என். போடலாம் என்று முதலாளியிடம் அன்றும் சொன்னேன். சீசன் முடியட்டும் தம்பி என்றார். வண்டி அதற்குள் மலையிறங்கிப் போயிருந்தது. நானும் மழை பிடிப்பதற்குள் கிளம்பினேன்.